ஸ்டேட்மென்ட்ல பேரு தெரியாத சின்ன டெபிட்: திருட்டா, நாமளே மறந்த சப்ஸ்கிரிப்ஷனா?

கேள்வி: என் கார்டு ஸ்டேட்மென்ட்ல ரெண்டு மூணு சின்ன டெபிட் இருக்கு, எதுக்குன்னே தெரியல. இது ஃப்ராடா இல்ல நான் எங்கயாவது போட்ட சப்ஸ்கிரிப்ஷனா, எப்படி கண்டுபிடிக்கறது? பேங்க்ல எத்தனை நாளுக்குள்ள சொல்லணும்?

பதில்:

நாலு வருஷம் கார்டு டிஸ்ப்யூட் டீம்ல உட்கார்ந்து மத்தவங்க கம்ப்ளைன்ட்டைப் பார்த்தவன் நான், அப்படியும் என் சொந்த கார்டுல தப்பா கணக்குப் போட்டேன். அந்தக் கதையையே சொல்றேன், உங்க கேள்விக்கு பதில் அதுக்குள்ளயே இருக்கு.

ஒரு மே மாசம் 20ஆம் தேதி ஆப்பைத் திறந்தா ரெண்டு வரி கண்ணுல பட்டுது. 7ஆம் தேதி `DGSVC*PHVLT` அப்படிங்கற பேர்ல 4.99. 19ஆம் தேதி நான் அடிக்கடி வாங்கற ஒரு ஆன்லைன் கடை பேர்ல 2.37. நீங்களே சொல்லுங்க, இதுல எது திருட்டு மாதிரி இருக்கு? எனக்கும் அப்படித்தான் இருந்துது, முதல் வரியைப் பிடிச்சுட்டு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன், ரெண்டாவதை ஏதோ டெலிவரி சார்ஜா இருக்கும்னு விட்டுட்டேன். நிஜத்துல அப்படியே தலைகீழ்.

பேரை வச்சு முடிவு பண்ணாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான். ஸ்டேட்மென்ட்ல வர்ற பேருக்கு இடம் ரொம்ப கம்மி, பெரும்பாலும் 20, 22 எழுத்துக்குள்ள அடைக்கணும், அதனால கம்பெனிகள் பேரை வெட்டி ஒட்டி விடுவாங்க, சில சமயம் நமக்குத் தெரிஞ்ச பிராண்ட் பேரே வராது, அதை நடத்தற கம்பெனியோட பதிவுப் பேரு வரும். நடுவுல நட்சத்திரம் இருந்தா, அதுக்கு முன்னாடி இருக்கறது அனேகமா பணத்தை வசூல் பண்ணித் தர்ற ஆளு, பின்னாடி இருக்கறதுதான் கடை. `PAYPAL *`, `SQ *`, `GOOGLE *`ன்னு ஆரம்பிக்கறதெல்லாம் அந்த வகை. அதனால விநோதமான பேரு திருட்டுக்கு அடையாளம் இல்ல. அதே மாதிரி தெரிஞ்ச பேரு நல்லதுக்கு அடையாளமும் இல்ல, ஏன்னா திருடன் திருடின நம்பரை ட்ரை பண்ணிப் பாக்கறதே நிஜமான கடைகள்லதான்.

பேரை விட நல்ல சாட்சி தேதி. சப்ஸ்கிரிப்ஷன்னா அதுக்கு ஒரு தாளம் இருக்கும். போன மாசமும் அதுக்கு முந்தின மாசமும் அதே தேதியை ஒட்டி அதே தொகை இருக்கான்னு பாருங்க. ஞாயித்துக்கிழமை, லீவு வந்தா ஒண்ணு ரெண்டு நாள் நகரும், வெளிநாட்டு கரன்சில எடுக்கறாங்கன்னா மாத்து விலையால தொகை மாசத்துக்கு மாசம் கொஞ்சம் மாறும், பக்கத்துலயே இன்னொரு குட்டி டெபிட் தனியா வந்தா அது அந்த வெளிநாட்டு பேமென்ட்டுக்கு பேங்க் போட்ட கட்டணமா இருக்கலாம். மாசா மாசம் இல்லன்னா சரியா 12 மாசம் பின்னாடி போய்ப் பாருங்க, வருஷ சந்தாதான் மறக்கறதுல நம்பர் ஒன்.

என் 4.99 மார்ச் 7, ஏப்ரல் 7, மே 7ன்னு வரிசையா உட்கார்ந்திருந்துது. முதல் டெபிட் மார்ச் 7. ஃப்ரீ ட்ரையல் பெரும்பாலும் 7, 14 இல்ல 30 நாள் இருக்கும், அதனால முதல் டெபிட்டுல இருந்து அத்தனை நாள் பின்னாடி எண்ணினேன். 7 நாள் பின்னாடி போனா பிப்ரவரி 28. மெயில்ல அந்தப் பேரைத் தேடினா ஒண்ணுமே வரல, `4.99`ன்னு தொகையைத் தேடினாலும் வரல, அப்புறம்தான் நான் இப்போ தொடாத ஒரு பழைய மெயில் ஐடி ஞாபகம் வந்துது, அதுல பிப்ரவரி 28 தேதியில "வெல்கம்"னு ஒரு மெயில், போட்டோ பேக்கப் ஆப். அன்னிக்கு போன் மாத்தறப்போ நானே ட்ரையலை அமுக்கியிருக்கேன். வீட்ல வேற யாராவது உங்க கார்டை அவங்க போன்ல சேர்த்திருந்தா அவங்க ஆப் ஸ்டோர், ப்ளே ஸ்டோர் சப்ஸ்கிரிப்ஷன் லிஸ்ட்டையும் பாருங்க, "நான் எதுவும் வாங்கலையே"ன்னு சத்தியம் பண்ற வீட்டுலதான் அது இருக்கும்.

இப்போ 2.37. இதுக்கு முன்னும் இல்ல பின்னும் இல்ல, தாளமே கிடையாது. அந்தக் கடையில என் அக்கவுன்ட்டைத் திறந்து ஆர்டர் ஹிஸ்டரி பார்த்திருந்தா ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், 19ஆம் தேதி எந்த ஆர்டரும் இல்ல. நான் பார்க்கல. 24ஆம் தேதி ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ஒரு பெரிய தொகை போச்சு, அடுத்த நிமிஷம் இன்னொண்ணு முயற்சி பண்ணி பேங்க் தடுத்திருக்கு. திருட்டு கார்டு நம்பர்கள் மொத்தமா விலைக்குப் போகும், வாங்கினவன் எது உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுக்க சின்னத் தொகை போட்டுப் பார்ப்பான், பாஸ் ஆச்சுன்னா பெருசா எடுப்பான். அதாவது அந்த 2.37 நஷ்டமே இல்ல, அது கதவு தட்டற சத்தம். கேக்காமலே வர்ற ஓடிபி, நிமிஷ இடைவெளியில ரெண்டு மூணு முயற்சி, அதுல சிலது டிக்லைன், இதெல்லாம் அந்த வகைதான். (ஒரே ஒரு விதிவிலக்கு: நீங்களே கார்டை எங்கயாவது புதுசா சேர்த்த அன்னிக்கு 0ன்னோ 1ன்னோ பெண்டிங்ல ஒண்ணு வரும், அது கார்டை சோதிக்கறது, சில நாள்ல தானா மறைஞ்சிடும். நீங்க எங்கயும் சேர்க்கலன்னா அதையும் சந்தேகப்படுங்க.)

ரெண்டுக்கும் வழி வேற வேற, இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க.

திருட்டுன்னா முதல்ல ஆப்ல கார்டை லாக் பண்ணுங்க, பெண்டிங்னு காட்டினாலும் சரி, அது கணக்குல முழுசா ஏறற வரைக்கும் காத்திருக்காதீங்க. அப்புறம் கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்கு கூப்பிட்டு "இது நான் பண்ணல"ன்னு சொல்லி கம்ப்ளைன்ட் நம்பரை தேதி, நேரத்தோட எழுதி வைங்க. நெட்ல தேடிக் கிடைக்கற கஸ்டமர் கேர் நம்பருக்கு மட்டும் கூப்பிடாதீங்க, அதுல போலி நிறைய.

சப்ஸ்கிரிப்ஷன்னா கார்டை பிளாக் பண்ணி பிரயோஜனம் இல்ல. விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுலயும் புது கார்டு நம்பரை பழைய வியாபாரிக்கு தானா தெரியப்படுத்தற ஏற்பாடு இருக்கு, உங்க பேங்க் அதுல சேர்ந்திருந்தா கார்டு மாத்தினதுக்கு அப்புறமும் டெபிட் தொடர்ந்து வரும். அந்தக் கம்பெனிகிட்டயே கேன்சல் பண்ணி, கேன்சல் ஆன மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அதுக்கு அப்புறமும் எடுத்தாங்கன்னா பேங்க்ல "கேன்சல் பண்ணின பிறகும் எடுக்கறாங்க"ன்னு டிஸ்ப்யூட் போடுங்க. சோம்பல்பட்டு "நான் பண்ணவே இல்ல, ஃப்ராடு"ன்னு போட்டா என்ன ஆகும்? வியாபாரி உங்க லாகின், டிவைஸ், ஐபி எல்லாத்தையும் எடுத்து வைப்பான், நீங்க கேள்வி கேக்காம விட்ட பழைய மாச பேமென்ட்டுகளே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். நாங்க டீம்ல தள்ளுபடி பண்ணினதுல இந்த வகை ஏராளம், நிஜமாவே கேன்சல் பண்ணினவங்க கூட தப்பான காரணத்தை டிக் பண்ணித் தோத்திருக்காங்க.

கெடு. இது உங்க பேங்க் எந்த நாட்டுல இருக்குங்கறதைப் பொறுத்தது, நாள் எங்க இருந்து எண்ண ஆரம்பிக்குதுங்கறதுதான் இதுல முக்கியம்.

இந்தியாவுல 2017 ஜூலைல ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, உங்க மேலயும் பேங்க் மேலயும் தப்பு இல்லாத கேஸ்ல 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்க பொறுப்பு பூஜ்யம். 4ல இருந்து 7 வேலை நாள்னா கணக்கு வகையைப் பொறுத்து ஒரு உச்சவரம்பு வரைக்கும் நீங்க ஏத்துக்கணும், அதுக்கும் மேல போனா பேங்கோட பாலிசி என்ன சொல்லுதோ அதான். கவனிங்க, இந்த நாள் எண்ணப்படறது பேங்க்ல இருந்து உங்களுக்கு மெசேஜ் வந்ததுல இருந்து, ஸ்டேட்மென்ட் வந்ததுல இருந்து இல்ல. மாசக் கடைசியில மட்டும் பார்க்கறவங்க அப்பவே லேட்.

அமெரிக்காவுல ஸ்டேட்மென்ட் அனுப்பின நாள்ல இருந்து 60 நாள். டெபிட் கார்டுல அந்த 60 தாண்டினா, அதுக்கு அப்புறம் நடக்கற திருட்டு உங்க தலையில விழலாம். கார்டே தொலைஞ்சிருந்தா கணக்கு வேற, தெரிஞ்ச 2 வேலை நாளுக்குள்ள சொன்னா 50 டாலருக்கு மேல போகாது. ஐரோப்பிய யூனியன்லயும் பிரிட்டன்லயும் டெபிட் ஆன தேதியில இருந்து 13 மாசம், ஆனா தெரிஞ்ச உடனே சொல்லணும்னும் அதே விதியில இருக்கு, அதனால 13 மாசம்னு உட்கார்ந்திருக்காதீங்க.

இதெல்லாம் திருட்டுக்கு. கேன்சல் பண்ணின சப்ஸ்கிரிப்ஷன் மாதிரி டிஸ்ப்யூட்டுக்கு கார்டு நெட்வொர்க் விதி பொதுவா 120 நாள் தருது, ஆனா பேங்க் தன் பேப்பர் வேலைக்காக அதை விட கம்மியா கெடு வைக்கும், அதைக் கேட்டுக்கோங்க. பத்து மாசம் கழிச்சு பத்து டெபிட்டையும் சேர்த்துக் கொண்டு வந்தா கடைசி மூணு நாலுதான் தேறும்.

என் கேஸ்ல 24ஆம் தேதி காலைல எழுந்து மெசேஜைப் பார்த்த உடனே கூப்பிட்டதால பெரிய தொகை திரும்ப வந்துது, அதோட 2.37யையும் சேர்த்துச் சொன்னேன், அதுவும் வந்துது. 19ஆம் தேதிக்கு ஏன் மெசேஜ் வரலன்னு ஆப்ல போய்ப் பார்த்தா, அலர்ட் வர்றதுக்கு ஒரு குறைந்தபட்ச தொகை செட் ஆகியிருந்துது, 2.37 அதுக்குக் கீழ. அதை 0 ஆக்கினேன். உங்க ஆப்லயும் அதைப் பார்த்துட்டு, அந்த ரெண்டு மூணு டெபிட்டோட தேதியையும் போன மூணு மாச ஸ்டேட்மென்ட்ல அதே வரி இருக்கா இல்லையாங்கறதையும் கமென்ட்ல போடுங்க, கார்டு நம்பர் மட்டும் போட்டுடாதீங்க.