ஸ்லைடு ஸ்லைடாகப் போடும் கேரசல் பதிவில் முழு இஎம்ஐ-யை வாடகைக்கு எதிரே வைக்கலாமா?

“60 லட்சம் ஃபிளாட், 48 லட்சம் கடன், 8.5%, 20 வருஷம். சொந்த வீடா வாடகையா என்ற பதிவில் இஎம்ஐ 41,650, வாடகை 18,000 என்று எதிரெதிரே போட்டேன். வாடகைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள் என்கிறார்கள் படித்தவர்கள். எங்கே தப்பு?”

முழு இஎம்ஐ-யையும் செலவாகக் காட்டியதுதான் தப்பு. முதல் மாதத்தில் 34,000 வட்டி. மீதி 7,650 அசலில் கழிகிறது, அது உங்கள் சொத்தாகிவிடும். வாடகைக்கு எதிரே வட்டியை மட்டும் வையுங்கள்.

அதோடு நிறுத்தினால் மறுபக்கம் சாய்ந்துவிடும். கையிலிருந்து போட்ட 12 லட்சம் 7% டெபாசிட்டில் மாதம் 7,000 தந்திருக்கும். அதுவும் பராமரிப்பும் சொந்த வீட்டுச் செலவுதான். வாடகைப் பக்கம் அட்வான்ஸுக்கும் அப்படியே இழந்த வட்டியைப் போடுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பணம் திரும்ப வருமா? வருமென்றால் அது செலவில்லை.

அப்புறம், பத்தாம் வருஷத்துக்கும் ஒரு ஸ்லைடு வேண்டும். வட்டி சுமார் 25,200-க்கு இறங்கியிருக்கும். வருஷம் 5% ஏறினால் வாடகை 27,900 ஆகியிருக்கும். முதல் வருஷத்தை மட்டும் காட்டினால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனால் 8.5, 7, 5 மூன்றுமே அனுமானம். அதே ஸ்லைடில், அதே எழுத்தளவில் எழுதிவிடுங்கள். வீட்டு விலை ஏறுமா என்பதைக் கணக்கில் கலக்காமல் தனி வரியாக விடுங்கள்.