போன் பொக்கற்றில், காதில் இயர்போன்: பொலிஸ் மறித்தால்?

"ஐயா, கொக்குவிலிலிருந்து டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போறனான். போன் பொக்கற்றில், காதில் புளூடூத் இயர்போன். கையில் போன் இல்லைத்தானே, பொலிஸ் வழக்குப் போடலாமா? ஒரு காதில் மட்டும் போட்டால் சரியா?"

போடலாம். கைபேசிக்கான தண்டத்தை மட்டும் நினைத்து நிம்மதியாக இருக்கிறீர்கள். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் கவலையீனமாக ஓட்டுவதும் ஒரு குற்றம். அதற்குக் கையில் போன் இருக்கத் தேவையில்லை. இயர்போன் போட்டதாலேயே குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். நீங்கள் ஓட்டிய விதம் பிழையென்று வந்தால், ஏன் பிழைத்தது என்பதற்கு அதுவே சாட்சி.

என்னிடம் வந்த பொடியன் ஒருவனுடைய கதையைப் பாருங்கள். காங்கேசன்துறை வீதியில் 40 கிலோமீற்றர் வேகம். ஒழுங்கையிலிருந்து வந்த ஆட்டோ இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது. இவனுக்கு விளங்கியது இரண்டு செக்கன் பிந்தி. அந்த வேகத்தில் செக்கனுக்கு 11 மீற்றர், ஆக 22 மீற்றர் ஓடி முடிந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் சாட்சிக் கூண்டில் சொன்னார்: "ஹோர்ன் எனக்குக் கடைக்குள்ளேயே கேட்டது." அதோடு எங்கள் பக்கம் படுத்துவிட்டது. வழக்கில் கைபேசி என்ற சொல்லே வரவில்லை.

இரைச்சலை அடக்கும் இயர்போன் என்றால் இன்னும் மோசம். அது முதலில் விழுங்குவது தாழ்ந்த, தொடர்ந்த ஓசையை. பின்னால் வரும் பஸ்ஸின் எஞ்சின் அந்த ரகம்தான். ஒரு காது யோசனையும் உதவாது. சத்தம் எந்தப் பக்கம் என்று மூளை கணிப்பது இரண்டு காதிலும் அது விழும் நேர வித்தியாசத்தையும் பலத்தையும் வைத்து. ஒரு காதை அடைத்தால் ஹோர்ன் கேட்கும், எங்கிருந்து என்று பிடிபடாது.

காது கேட்கும் கருவி போட்டவர் பயப்பட வேண்டாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல, அதனால் மறிப்பார்கள். கருவி வீதிச் சத்தத்தைக் கூட்டிக் கொடுப்பது, இயர்போன் மறைப்பது. அமைதியாகச் சொல்லுங்கள், கிளினிக் துண்டின் பிரதி ஒன்றைப் பேர்சில் வையுங்கள். ஆனால் அதே கருவியில் புளூடூத்தால் பாட்டு ஓடினால் இந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு கிழமையும் யாராவது ஒரு முதியவர் இதை வீதியோரம் நின்று விளக்கத்தான் வேண்டியிருக்கிறது. எங்கள் முறை அப்படி.

கடைசியாக, நீதிமன்ற வாசலில் "ரெண்டாயிரம் தாங்கோ, குற்றத்தை ஒத்துக்கொண்டால் இண்டைக்கே முடியும்" என்று தோளில் கை போடுகிறவர்களை நம்பாதீர்கள். விபத்தில் ஒருவர் காயப்பட்டிருந்தால், நீங்கள் அன்று ஒத்துக்கொண்டது நட்டஈட்டு வழக்கில் உங்களுக்கே எதிராக வந்து நிற்கும். கையெழுத்து வைக்கும் முன் குற்றப்பத்திரத்தில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். சிங்களத்தில் இருந்தால் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.