நேரம் மாற்றும் லிங்க்: வரம்பை எப்படி எழுதுவது?

வாடிக்கையாளர் ஒரு நேரத்தைப் பதிவு செய்ததும் அனுப்பும் உறுதிச் செய்தியில், அந்த நேரத்தை மாற்றும் லிங்க் தருகிறோம். எத்தனை முறை மாற்றலாம் என்பதை எப்படிச் சொல்வது?

போன் செய்யாமல் வாடிக்கையாளர் தானே வேறு நேரம் எடுத்துக்கொள்ளத்தான் இந்த லிங்க். நூலகத்தில் ஒருவர் பெயரில் எடுத்துவைத்த புத்தகம் மாதிரி, ஒருவர் பதிவு செய்த நேரம் அடுத்தவருக்குக் கிடைக்காது. கடைசி நிமிடத்தில் விட்டால் வீணாகும். வரம்பு அதற்குத்தான்.

இப்படி எழுதலாம்:

"உங்கள் நேரம்: மார்ச் 12, வியாழன், காலை 10.30. மாற்ற: (லிங்க்). மார்ச் 11 காலை 10.30 வரை, 2 முறை மாற்றலாம். அப்புறம் மாற்ற வேண்டுமென்றால் போன் செய்யுங்கள்."

'24 மணி நேரத்துக்கு முன்' என்று எழுதி வாடிக்கையாளரைக் கணக்குப் போட வைக்காதீர்கள். ஒருமுறை மாற்றியதும் போகும் புதுச் செய்தியில் புதுக் கெடுவும் 'இன்னும் 1 முறை மாற்றலாம்' என்பதும் கட்டாயம் இருக்கட்டும்.

வரம்பு தீர்ந்தால் பதிவே ரத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ரத்தாகாது, கடைசியாக எடுத்த நேரம் அப்படியே இருக்கும்.