மருந்துத் தவறைக் கடிதத்தில் எப்படிச் சொல்வது?

"வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் என்று எழுதிவிட்டேன். நோயாளி ஐந்து நாள் சாப்பிட்டுவிட்டார். அவருக்கு எழுதும் கடிதத்தில் எவ்வளவு சொல்லலாம்?"

நடந்தது முழுவதையும் சொல்லுங்கள், ஆனால் முதலில் நேரில் பேசிவிட்டு. கடிதம், கலங்கிப்போய்க் கேட்டதை அவர் வீட்டில் நிதானமாகத் திரும்பப் படிப்பதற்குத்தான்.

முதல் பத்தியிலேயே இப்படி எழுதலாம்: "மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை 10 மில்லிகிராம் எடுக்க வேண்டிய மருந்தை, தினமும் என்று நான் எழுதினேன். நீங்கள் சீட்டில் இருந்தபடிதான் சாப்பிட்டீர்கள், உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. மன்னித்துவிடுங்கள்." "சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" மாதிரி எழுதினால், வாயெல்லாம் புண்ணாகிச் சோறு இறங்காமல் இருப்பவருக்குக் கோபம்தான் வரும்.

அப்புறம் உடம்பைப் பற்றி. வாய்ப்புண் இந்த மருந்தால் வந்தது, வெள்ளணுக்கள் குறைந்திருக்கின்றன, முறிமருந்தாக ஃபோலினிக் அமிலம் கொடுக்கிறோம் என்பதெல்லாம் தெரிந்தவை, அப்படியே எழுதுங்கள். அணுக்கள் இன்னும் சில நாள் இறங்கலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம் என்பதையும் மறைக்காதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும் உடனே வரவேண்டும், இதைத் தனி வரியாகப் போடுங்கள்.

மருந்தகத்தில் ஏன் யாரும் கவனிக்கவில்லை என்பதற்கு விசாரணை முடியும்வரை ஊகமாகப் பதில் எழுத வேண்டாம். யார் விசாரிக்கிறார்கள், முடிவை எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள், இந்தச் சிகிச்சைச் செலவு யாருடையது, யாரைக் கூப்பிடலாம், அவ்வளவு போதும்.