லாஸ்ட் இயருக்கு சின்ஸ், லாஸ்ட் ஃபைவ் இயர்ஸுக்கு ஃபார்

“பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி வேலைக்கு ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் பினாங் சின்ஸ் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதினேன். தவறாம். ‘சின்ஸ் லாஸ்ட் இயர்’ மட்டும் எப்படிச் சரி?”

வணக்கம். இரண்டிலும் வரும் ‘லாஸ்ட்’தான் உங்களைக் குழப்புகிறது. ‘லாஸ்ட் இயர்’ என்றால் போன வருஷம். காலண்டரில் விரல் வைத்து, இங்கேதான் தொடங்கியது என்று காட்டலாம். அதனால் சின்ஸ். ‘த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ அப்படி ஒரு தொடக்கப் புள்ளி இல்லை. இன்றுவரை ஓடிய மொத்தக் காலம். அதற்கு ஃபார். முன்னால் ‘த’ வந்தாலே கொஞ்சம் நின்று பாருங்கள். ‘ஃபார் த லாஸ்ட் வீக்’ என்பது ஏழு நாள் நீளம், ‘சின்ஸ் லாஸ்ட் வீக்’ என்பது போன வாரத்திலிருந்து.

2020-இல் சேர்ந்திருந்தால் ‘சின்ஸ் 2020’ என்றே எழுதுங்கள். கடிதத்தை அடுத்த வருஷம் எடுத்தாலும் அது மாறாது.

அப்புறம், ஃபார் போடும்போது ‘ஹேவ்’ விட்டுப்போகக் கூடாது. ‘ஐ வொர்க்ட் இன் பினாங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ இலக்கணப்படி சரிதான், ஆனால் படிப்பவர் நீங்கள் அந்த வேலையை விட்டுவிட்டதாக நினைப்பார்.