படுக்கும் நேரத்தில் வெந்நீர்: படபடப்பு ஏன் கூடுகிறது?

"பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். வயது 52, பள்ளி அலுவலகத்தில் வேலை. எந்நேரமும் ஒரு பதற்றம். சாயங்காலம் வீடு திரும்பும்போது கழுத்தும் தோளும் கல்லாக இறுகிக் கிடக்கும். உடம்பு தளரட்டும் என்று இரவு பத்து மணிக்கு பாத்டப்பில் நல்ல சூடாக நீர் நிரப்பி அரை மணி நேரம் கிடப்பேன். எழுந்து வந்தால் நெஞ்சு படபடக்கிறது, தூக்கமும் போய்விடுகிறது. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். வெந்நீர் எனக்கு ஒத்துக்கொள்ளாதா? எண்ணெய் தேய்ப்பதும் கோதுமைப் பை வைப்பதும் உதவுமா?"

ஒத்துக்கொள்ளும். சூட்டின் அளவும் நேரமும்தான் இடிக்கின்றன.

மிகுந்த சூட்டில் கிடக்கும்போது தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, ரத்த அழுத்தம் இறங்குகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. மற்றவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். பதற்றமுள்ளவருக்கோ வேகமான துடிப்பு என்றாலே பயத்தின் அடையாளம். உடம்பு செய்யும் சாதாரண வேலையை, ஏதோ ஆகப்போகிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பிரஷர் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் அழுத்தம் இன்னும் இறங்கும், எழும்போது தலை சுற்றும். அதனால் டப்பில் உட்கார்ந்தபடியே அடைப்பானை எடுத்துவிடுங்கள். நீர் வடிந்த பிறகு விளிம்பைப் பிடித்து மெல்ல எழுங்கள்.

தூக்கம் போவதற்குக் காரணம் வேறு. தூக்கம் வர, உடம்பின் உட்சூடு சற்று இறங்க வேண்டும். வெந்நீர் கைகால்களுக்கு ரத்தத்தை இழுத்து, அந்தச் சூடு தோல் வழியாக வெளியேற வழிசெய்கிறது. ஆனால் அது நடந்து முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். பத்தரைக்கு எழுந்து நேரே கம்பளிக்குள் புகுந்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். இதுபற்றிய முந்தைய ஆய்வுகளை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2019-இல் தொகுத்துப் பார்த்தார்கள். படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு, 40 முதல் 42.5 டிகிரி நீரில் பத்து நிமிடம் இருந்தாலே சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று கண்டார்கள். உங்களுக்கு மாத்திரை இருப்பதால் 38 முதல் 40 டிகிரிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

பத்தரைக்குப் படுப்பவர் என்றால் ஒன்பது மணிக்கு முன்பே குளியலை முடித்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். நீர் நெஞ்செலும்புக்குக் கீழேயே நிற்கட்டும். கழுத்துவரை மூழ்கினால் நீரின் எடை மார்பை அழுத்தும், பதற்றமுள்ளவருக்கு அது மூச்சுமுட்டல் போலத் தோன்றும். நீராவி தேங்காதபடி ஜன்னலைச் சற்றுத் திறந்துவையுங்கள்.

சூட்டைக் கையால் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், உள்ளங்கை சூட்டுக்குப் பழகியது. குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது வைக்கும் வெப்பமானி இருந்தால் மேல், இல்லையென்றால் முழங்கையை நனைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் கீசர் பெரும்பாலும் 60 டிகிரி அளவில் வைக்கப்பட்டிருக்கும். அந்த நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். முதலில் குளிர்ந்த நீரை விட்டு, பிறகு சூடான நீரைச் சேருங்கள். குளிர்காலத்தில் குழாய்நீர் 15 டிகிரி இருந்தால், நான்கு பங்கு குளிர்ந்த நீருக்கு ஐந்து பங்கு கீசர் நீர் சேர்த்தால் 40 வரும்.

மின்சாரம் இல்லாத இரவிலும் டப் இல்லாத வீட்டிலும் கால்குளியல் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். வாளியில் ஏழு லிட்டர் குளிர்ந்த நீர், அதில் கேஸ் அடுப்பில் கொதித்த மூன்று லிட்டர். கலக்கிப் பார்த்த பிறகே கணுக்காலுக்கு மேல்வரை காலை வையுங்கள். பதினைந்து நிமிடம் ஆகட்டும். ஆறிவிட்டதே என்று, கால் உள்ளே இருக்கும்போது கொதிநீர் ஊற்றக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. வெந்துபோனதே அவர்களுக்குத் தெரியாது.

எண்ணெயைக் குளியலுக்கு முன் தோளுக்கும் கழுத்துக்கும் தேயுங்கள். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், நேரே அடுப்பில் வேண்டாம். காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்தின் பக்கவாட்டுக்குப் பின்புறமாக இறங்கி, தோள்நுனிவரை உள்ளங்கையால் ஒரே இழுப்பு. அதற்கு ஐந்தாறு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். இதில் வேகம்தான் முக்கியம். மெல்லிய வருடலை உணரும் நரம்பிழைகள் நம் தோலில் இருக்கின்றன. விநாடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் தொடுகைக்குத்தான் அவை நன்றாகப் பதில் சொல்கின்றன. பரபரவென்று தேய்த்தால் தோல் சூடாகும், அந்த இழைகள் பேசாமல் இருக்கும்.

வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் பிடிப்பு விடும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கட்டியிருக்கும் இடத்தில் கட்டைவிரலைக் குத்தி அழுத்தினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும், மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாது. அழுத்தும்போது உங்கள் மூச்சு நின்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்கு இரு பக்கமும் கை வைக்கவே கூடாது. அங்கே அழுத்தினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.

பதற்றக்காரர்கள் பலர் தெரியாமல் பல்லைக் கடிப்பதால் தாடையையும் ஒரு நிமிடம் பாருங்கள். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கிற தசையைக் கண்டுபிடித்து, பிறகு வாயைச் சற்றுத் திறந்து, அதன்மேல் விரல்நுனியால் சின்னச் சின்ன வட்டம். பாதத்துக்கு எண்ணெய் தேய்க்க விரும்பினால் படுக்கையில் உட்கார்ந்து தேய்த்து, சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் காலோடு டப்பில் இறங்கி வழுக்கி விழுவதுதான் இந்தப் பழக்கத்தில் வரும் பெரிய ஆபத்து.

கோதுமைப் பை பகலுக்கு ஏற்றது. வேலை முடித்து வந்ததும் தோளில், பருத்தித் துணியின் மேல், பதினைந்து இருபது நிமிடம். மைக்ரோவேவில் அரைக் கிலோ பையை ஒரு நிமிடம் வைத்து, குலுக்கி, போதாவிட்டால் அரை நிமிடம் கூட்டுங்கள். பை முழுக்க ஆறாமல் மறுபடி சூடாக்க வேண்டாம். பலமுறை சூடாக்கிய தானியம் காய்ந்து உள்ளுக்குள் கருகும், தீயும் பிடிக்கலாம். வறுத்த வாடை வந்தால் பையைத் தூக்கிப் போடுங்கள். அதை வைத்துக்கொண்டு தூங்கவும் கூடாது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் சூடு வைத்தால் தோலில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழும். அதைக் கண்டால் அந்த இடத்தில் சூடு வைப்பதை நிறுத்திவிடுங்கள்.

படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது இவை எதையும் தொடங்காதீர்கள். அப்போது சூடு துடிப்பை இன்னும் ஏற்றும். முகத்தில் குளிர்ந்த நீர் தெளித்து, மூச்சை நீளமாக வெளியே விட்டு உட்காருங்கள்.

இரண்டு வாரம் இந்த அளவில் செய்து பாருங்கள். குளித்து எழுந்து பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அப்போதும் நூறுக்கு மேல் இருந்தால், அல்லது துடிப்பு ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வந்தால், கிளினிக்கில் காட்டுங்கள். உடம்பு இளைக்கிறது, கை நடுங்குகிறது, மற்றவர்கள் குளிரில் சுருண்டிருக்கும் ஜூலையிலும் உங்களுக்கு வியர்க்கிறது என்றால், தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். தைராய்டு மிகுதி பல நேரம் வெறும் பதற்றம் போலவே தெரியும்.