தூளியில் இரவு முழுவதும் உறங்க விடலாமா?

“மூன்று மாதக் குழந்தை தூளியில் மட்டுமே தூங்குகிறது, கீழே கிடத்தினால் அழுகிறது. இரவு முழுவதும் தூளியிலேயே விடலாமா?”

விட வேண்டாம். கருப்பையில் பழகிய அசைவும் அணைப்பும் தூளியில் கிடைப்பதால்தான் குழந்தை அமைதியாகிறது. ஆனால் துணி தொய்ந்து முதுகு வில்லாக வளையும்போது, தலையை நிமிர்த்தத் தெரியாத குழந்தையின் முகவாய் நெஞ்சில் அழுந்தி, மென்மையான மூச்சுக்குழல் குறுகிவிடும். பெரும்பாலும் சத்தமே வராது என்பதால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடமில்லையென்றால் உடனே தூக்கிவிடுங்கள். துணி முகத்தின்மேல் மூடாதிருக்கக் குறுக்குக் கம்பு அவசியம்.

எனவே, கண்ணெதிரே மெதுவாக ஆட்டித் தூங்க வைத்து, பிறகு கீழே மாற்றுங்கள். கண் மூடியதும் தூக்கினால் விழித்துக்கொள்ளும். கையை லேசாக உயர்த்தி விட்டால் துவண்டு விழும்வரை காத்திருந்து, ஆட்டத்தைச் சிறிது சிறிதாக நிறுத்துங்கள். கெட்டியான, சமமான படுக்கையில் முதலில் பிட்டத்தையும் கடைசியில் தலையையும் வைத்து மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின்மேல் உள்ளங்கையைச் சற்று நேரம் வைத்திருங்கள். தலை சட்டென்று பின்னால் சாய்ந்தால் விழுவதாக உணர்ந்து திடுக்கிடும். கீழே கிடத்தியதும் அழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழந்தை புரளத் தொடங்கியதும் தூளியை அவிழ்த்துவிடுங்கள்.